திங்கள் முதல் யாரைக் கேட்பது?

பதவி உயர்வு அறிவிப்புகள் எல்லா அலுவலகங்களிலும் ஏறக்குறைய ஒரே அச்சில்தான் வரும். "மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்" என்று ஆரம்பித்து, உழைப்பு, ஈடுபாடு என்று நாலு வரி ஓடி, வாழ்த்துகளோடு முடிந்துவிடும். படித்தவர்கள் பதிலுக்குக் கைதட்டும் படம் ஒன்றை அனுப்பிவிட்டுப் பக்கத்து மேசைக்காரரைக் கேட்பார்கள்: "சரி, என் லீவை இனிமே யாரு சாங்ஷன் பண்ணுவாங்க?" அறிவிப்பு பதில் சொல்லியிருக்க வேண்டிய கேள்வி அது.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். கோவைப் பக்கம் பம்பு செய்யும் நடுத்தர நிறுவனம். கணக்குப் பிரிவில் 11 பேர். அவர்களில் 6 பேர், சப்ளையர் பில்களைச் சரிபார்த்துப் பணம் அனுப்பும் குழு. அந்தக் குழுவின் டீம் லீடர் மேனேஜர் ஆகிறார். அவர் இடத்துக்கு அதே குழுவில் 8 வருடம் வேலை பார்த்த ஒரு பெண் வருகிறார். அவரைவிட 6 வருடம் சீனியரான ஒருவரும் குழுவில் இருக்கிறார். அந்த நாற்காலி தனக்குத்தான் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

முதலில் தேதியைப் பார்க்க வேண்டும். நிர்வாகங்களுக்கு மாதத்தின் 1ஆம் தேதி பிடிக்கும். சம்பளக் கணக்குக்கு வசதி. கணக்குப் பிரிவுக்கோ அதைவிட மோசமான நாள் இல்லை. 7ஆம் தேதிக்குள் டிடிஎஸ் கட்ட வேண்டும். மாதாமாதம் ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் நிறுவனம் என்றால் 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரம் போக வேண்டும். 15ஆம் தேதி பிஎஃப், இஎஸ்ஐ. 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி. இந்த ஓட்டத்துக்கு நடுவே ஆள் மாறினால், சாவி யார் கையில் என்றே தெரியாமல் 3 வாரம் போய்விடும்.

அதனால் 22ஆம் தேதி அறிவிப்பதே நல்லது. அன்றிலிருந்து அடுத்த மாதம் 20 வரை, ஒரு முழுச் சுற்று, பழையவரும் புதியவரும் சேர்ந்து பார்க்கட்டும். 21ஆம் தேதியிலிருந்து புதியவர் தனியாக நடத்தட்டும். ஒரு சுற்றுக்கு மேல் இழுக்கக் கூடாது. இரண்டு மாதம், மூன்று மாதம் என்று நீட்டினால் குழு இரண்டு தலைமைகளுக்குப் பழகிவிடும். சம்பள உயர்வு 1ஆம் தேதியிலிருந்து கணக்கானால் ஆகட்டும். அது ஹெச்ஆர் தரும் ஆர்டரில் இருக்க வேண்டியது. பொது அறிவிப்பில் அதற்கு இடமில்லை.

அடுத்தது, யாருக்கு எந்த வரிசையில் சொல்வது. ஆர்டர் கையில் கிடைக்கும் முன் புதியவரின் பெயர் வெளியே வரக் கூடாது. அவருக்குச் சொன்ன பிறகு, குழுவுக்குச் சொல்லும் முன், அந்தச் சீனியரைத் தனியே அழைத்துப் பேச வேண்டும். அறிவிப்புக்கு முந்தைய நாளாவது இது நடந்தாக வேண்டும். பேச வேண்டியவர் பிரிவுத் தலைவர். புதிய லீடரையே அனுப்பிச் சொல்லவைப்பது இருவருக்கும் செய்யும் கொடுமை.

என்ன பேசுவது? முடிவு இது, காரணம் இது, உங்கள் வேலை இனி இது. இந்த மூன்றும் போதும். "அடுத்த தடவை கண்டிப்பா உங்களுக்குத்தான்" என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. அந்த வாக்கியத்தை அவர் 5 வருடம் ஞாபகம் வைத்திருப்பார். வேலையும் நிஜமான வேலையாக இருக்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் 14ஆம் தேதி ஜிஎஸ்டி தளத்தில் 2பி என்ற பட்டியல் வரும். நமக்குப் பில் கொடுத்த சப்ளையர்கள் அதை முறையாகக் கணக்கில் காட்டியிருக்கிறார்களா என்று அதை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். காட்டாவிட்டால் நாம் கட்டிய வரிக்குரிய கழிவு நமக்குக் கிடைக்காது. அந்த ஒப்பீடு முழுவதையும், தவறிய சப்ளையரின் பேமென்ட்டை நிறுத்திவைக்கும் அதிகாரத்தோடு, சீனியரிடம் ஒப்படைக்கலாம். "ஆலோசகர்" என்று ஒரு வெற்றுப் பெயரைக் கொடுத்தால் அன்று மாலையே புரிந்துகொள்வார்.

பிறகு காலையில் 6 பேரையும் உட்காரவைத்து நேரில் சொல்லிவிட்டு, மதியத்துக்குள் பிரிவு முழுவதற்கும் மெயில் போக வேண்டும். இடைவெளி ஒரு நாள் ஆனால் வாட்ஸ்அப் முந்திக்கொள்ளும்.

மெயிலில் பாராட்டு ஒரு வரி போதும். மற்ற வரிகள் இந்த மாதிரி இருக்கட்டும்:

"அக்டோபர் 22 முதல் விடுப்பு, வேலைப் பங்கீடு, சப்ளையர் புகார் ஆகிய மூன்றுக்கும் புதிய லீடரை அணுகவும். வங்கியில் பேமென்ட் அப்ரூவல் நவம்பர் 20 வரை மேனேஜரிடமே இருக்கும். இந்த வருட அப்ரைசலை மேனேஜர் எழுதுவார். அடுத்த வருடம் முதல் லீடர் எழுதுவார். லீடர் இதுவரை பார்த்துவந்த வார்ப்படம், மோட்டார் கம்பி சப்ளையர்களின் பில்களை நவம்பர் 1 முதல் வேறு இருவர் பிரித்துக்கொள்வார்கள்."

கடைசி வரியைத்தான் பல இடங்களில் மறந்துவிடுகிறார்கள். புதிய லீடர் நேற்று வரை பார்த்த பில்கள் எங்கே போகும் என்று யாரும் சொல்வதில்லை. பகலில் லீடர் வேலை, 6 மணிக்கு மேல் பழைய வேலை என்று அவர் இரட்டைச் சுமை தூக்குவார். இரண்டு மாதம் கழித்து, "அவங்களால முடியலையே" என்ற பேச்சு கிளம்பும்.

வங்கி வரிக்கும் காரணம் உண்டு. நிறுவனக் கணக்கில் ஒருவர் பேமென்ட்டை உள்ளிடுவார், இன்னொருவர் அப்ரூவ் செய்வார். அந்த இரண்டாவது ஆளை மாற்ற வங்கி போர்டு தீர்மானம் கேட்கும், அடையாள ஆவணம் கேட்கும்; ஒரே நாளில் முடியாது. அதைச் சொல்லாமல் "இன்று முதல் எல்லாம் புதிய லீடர்" என்று அறிவித்துவிட்டால், வெள்ளிக்கிழமை மாலை அவசரமாகப் பணம் கேட்டு வரும் சப்ளையர் முன் அவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். ஜிஎஸ்டி தளத்தில் பதிந்த கைபேசி எண்ணும் அப்படித்தான். ஓடிபி பழையவரின் போனுக்குப் போய், 20ஆம் தேதி இரவு அவர் விமானத்தில் இருந்தால் தாக்கல் தாமதமாகும். நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம் சின்னது. கட்டாமல் நின்ற வரிக்கு வருடத்துக்கு 18 சதவீதம் வட்டி அப்படியல்ல.

அறிவிப்பு பலித்ததா என்று மூன்றாவது வாரத்தில் தெரியும். குழுவினர் இன்னும் பழையவரின் மேசைக்குத்தான் போகிறார்களா என்று பாருங்கள். போகிறார்கள் என்றால் பெரும்பாலும் அது அவர்கள் தவறில்லை. அவர் பதில் சொல்கிறார், அதனால் போகிறார்கள். பதில் தெரிந்தாலும் "அவங்ககிட்ட கேளுங்க" என்று திருப்பிவிட அவர் பழக வேண்டும். சீனியர் புதிய லீடரை "ஏம்மா" என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தால் அதைத் திருத்தப் புறப்பட வேண்டாம். பில்லில் சந்தேகம் வந்தால் அவரிடம் கொண்டுபோகிறாரா என்பதுதான் கணக்கு.

அறிவிப்பை அனுப்பும் முன், குழுவில் கடைசியாகச் சேர்ந்தவரின் இடத்தில் உங்களை வைத்து ஒரு தடவை படித்துப் பாருங்கள். திங்கட்கிழமை லீவு வேண்டும், ஒரு பில்லில் தொகை தப்பாக இருக்கிறது, சப்ளையர் போனில் கத்துகிறார். மூன்றுக்கும் யாரிடம் போவது என்று அதைப் படித்ததும் தெரியவில்லை என்றால் அனுப்பாதீர்கள், திருத்தி எழுதுங்கள்.