ஆன்டிபயாடிக் கொடுத்தும் அடங்காத இருமல்!

"அஞ்சு நாள் ஆன்டிபயாடிக் சிரப் முழுசா குடிச்சு முடிச்சாச்சு, ஊசியும் போட்டாச்சு. ஆனா இருமல் மட்டும் நிக்கவே மாட்டேங்குதே வைத்தியரே!" பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வரும் தாய்மார்கள் பலர் இப்படிக் கேட்பதுண்டு. மருந்து சரியில்லையா, டாக்டர் சரியில்லையா என்று சந்தேகம் வேறு. இரண்டுமே சரியாக இருந்திருக்கலாம். அந்த மருந்துக்கு அடங்காத ஜாதிக் கிருமியாக இருந்துவிட்டால் யார்தான் என்ன செய்ய முடியும்?

அப்படிப்பட்ட ஒரு கிருமிதான் 'மைக்கோப்ளாஸ்மா நிமோனியே'. பெயர் வாயில் நுழையாவிட்டாலும் ஆள் ரொம்பப் பழையவர். 1944-ல் ஈட்டன் என்ற அமெரிக்க விஞ்ஞானி இதைப் பிரித்தெடுத்தார். பாக்டீரியாக்களைத் தடுத்து நிறுத்தும் வடிகட்டியிலேயே இது புகுந்து வெளியே வந்துவிட்டதால், வைரஸ் என்றே பல வருஷம் நினைத்தார்கள். 1962-ல் சானக், ஹேஃப்லிக் முதலானோர் இதைத் தனியாக வளர்த்துக் காட்டிய பிறகுதான், இது மிகமிகச் சிறிய ஒரு பாக்டீரியா என்பது உறுதியாயிற்று.

சுவர் இல்லாத வீடு

சாதாரண பாக்டீரியாவைச் சுற்றிக் கெட்டியான ஒரு சுவர் உண்டு. அது வளர வளர அந்தச் சுவரையும் கட்டிக்கொண்டே போக வேண்டும். அமாக்ஸிசிலின் போன்ற பென்சிலின் வகை மருந்துகளும், செஃபிக்ஸிம், செஃப்ட்ரியாக்ஸோன் போன்ற மருந்துகளும் என்ன செய்கின்றன தெரியுமா? சுவர் கட்டும் கொத்தனாரின் கையைப் பிடித்துக்கொள்கின்றன. சுவர் பலமிழந்து கிருமி வெடித்துச் செத்துப்போகிறது.

மைக்கோப்ளாஸ்மாவுக்கோ சுவரே கிடையாது! மெல்லிய சவ்வு ஒன்றுதான் அதன் போர்வை. கட்டாத சுவருக்குக் கொத்தனாரைப் பிடித்து என்ன பயன்? அதனால்தான் அமாக்ஸிசிலினை இரண்டு மடங்கு கொடுத்தாலும், விலை உயர்ந்த ஊசியாக மாற்றிப் போட்டாலும் இந்தக் கிருமி அசைவதில்லை. மருந்தின் 'பவர்' போதாது என்பதல்ல விஷயம். அது தாக்கும் இடமே இந்தக் கிருமியிடம் இல்லை.

ஆனால் சுவர் இல்லாவிட்டாலும் அடுப்படி இருக்கிறதே! எந்தக் கிருமியும் உயிர் வாழத் தனக்குள் புரதம் தயாரித்தாக வேண்டும். அஸித்ரோமைசின், டாக்ஸிசைக்ளின் ஆகியவை அந்த வேலையை நிறுத்துகின்றன. ஆகவே இவற்றுக்கு மைக்கோப்ளாஸ்மா கட்டுப்படும்.

எப்படி அடையாளம் தெரியும்?

புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கும் ஒன்பது வயதுப் பையனை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். எடை 25 கிலோ. முதலில் தொண்டைக் கரகரப்பு, தலைவலி, 100 டிகிரியை ஒட்டிய காய்ச்சல். மூக்கு அதிகம் ஒழுகவில்லை. நாலாம் நாள் வறட்டு இருமல் பிடிக்கிறது. அமாக்ஸிசிலின் ஐந்து நாள் கொடுத்தும் காய்ச்சல் விட்டபாடில்லை. இருமல் கூடுகிறது, ராத்திரியில் ரொம்பவே. ஆனாலும் பையன் படுத்துவிடவில்லை. தெருவில் விளையாடத்தான் செய்கிறான். விசாரித்தால், மூன்று வாரத்துக்கு முன்பு அவன் அக்காவுக்கும் இதே மாதிரி இருமல்.

இதில் மூன்று துப்பு இருக்கிறது. ஒன்று வயது: ஐந்து வயதுக்கு மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளிடம்தான் இது அதிகம். இரண்டு, வீட்டில் ஒருவருக்கு வந்து இரண்டு மூன்று வாரம் கழித்து அடுத்தவருக்கு வருவது. சாதாரண சளிக்கு இவ்வளவு இடைவெளி இருக்காது. மூன்று, சுவர் உடைக்கும் மருந்துக்கு மசியாதது. இவையெல்லாம் சந்தேகத்துக்குத்தான் போதும், தீர்ப்புக்குப் போதாது. இத்தோடு எக்ஸ்ரே எடுத்தால் சில சமயம் பிள்ளையின் தோற்றத்துக்குப் பொருந்தாமல் நெஞ்சில் வெள்ளைத் திட்டு தெரியும். நடமாடிக்கொண்டே இருக்கும் நிமோனியா இது! தொண்டையில் பஞ்சு வைத்து எடுத்துப் பார்க்கும் பிசிஆர் பரிசோதனை கிருமியை நேரடியாகக் காட்டிக்கொடுக்கும்.

இந்தப் பையனைப் பார்க்கும் குழந்தை மருத்துவர் வழக்கமாக எழுதும் அஸித்ரோமைசின் கணக்கு இது: முதல் நாள் கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம் 250; அடுத்த நான்கு நாளும் கிலோவுக்கு 5 வீதம் 125. இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கிவிட வேண்டும். இறங்காவிட்டால் திரும்பப் போய்க் காட்ட வேண்டும். சீனா, ஜப்பான் போன்ற நாடுகளில் அஸித்ரோமைசினுக்கே மசியாத மைக்கோப்ளாஸ்மா பெருகியிருக்கிறது. அப்போது டாக்ஸிசைக்ளின் போன்ற வேறு மருந்தை மருத்துவர் யோசிப்பார்.

கிருமி போயும் இருமல் போகாதது ஏன்?

மூச்சுக்குழாயின் உள்சுவரில் மயிரிழை போன்ற நுண்ணிய இழைகள் உண்டு. சளியை மேலே தள்ளிவிடுகிற துடைப்பம் அது. மைக்கோப்ளாஸ்மா அங்கே ஒட்டிக்கொண்டு அந்தத் துடைப்பத்தையே நாசம் செய்கிறது. மருந்தில் கிருமி செத்தாலும் இழைகள் மறுபடி முளைத்து வேலை செய்ய நாளாகும். அதனால் காய்ச்சல் விட்ட பிறகும் மூன்று நான்கு வாரம் இருமல் இருக்கும். ஆனால் வாரத்துக்கு வாரம் குறைய வேண்டும். குறைகிற இருமலுக்கு மறுபடி மறுபடி ஆன்டிபயாடிக் வேண்டாம்.

இந்த இடத்தில்தான் நம் வீட்டு வைத்தியம் கைகொடுக்கும். படுக்கப்போகும்போது ஒரு தேக்கரண்டி தேன், வெதுவெதுப்பான தண்ணீர், தூதுவளை ரசம் எல்லாம் தொண்டைக்கு இதம். (ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது.) ஆடாதோடை, அதிமதுரம் சேர்ந்த சித்த மருந்துகளை வயதுக்கேற்ற அளவில் வைத்தியர் சொல்லி வாங்குங்கள். சித்த மருத்துவனாக இருந்தும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: இவை இருமலைத் தணிப்பவை, மைக்கோப்ளாஸ்மா நிமோனியாவுக்கு ஆன்டிபயாடிக்குக்குப் பதிலாக இவற்றை நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது.

பக்கத்து வீட்டு பாட்டிலை வாங்காதீர்கள்

"அப்படின்னா இருமல்னாலே அஸித்ரோமைசின் வாங்கிக் கொடுத்துடலாமே?" என்று கேட்காதீர்கள். பள்ளிப் பிள்ளைகளின் இருமலில் பெரும்பகுதி வைரஸால் வருவது. அதற்கு எந்த ஆன்டிபயாடிக்கும் வேலை செய்யாது. லேசான மைக்கோப்ளாஸ்மாகூடப் பல பிள்ளைகளிடம் தானாகவே அடங்கிவிடும். சின்னக் குழந்தைகளின் நிமோனியாவிலோ சுவருள்ள நியூமோகாக்கஸ் கிருமிதான் முக்கியம். அங்கே அமாக்ஸிசிலின்தான் சரியான மருந்து. கண்ட இருமலுக்கெல்லாம் அஸித்ரோமைசின் கொடுத்துப் பழக்கினால், நிஜமாகவே தேவைப்படும் நாளில் அது கேட்காமல் போய்விடும்.

இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமலோடு எடை குறைவு, பசியின்மை, சாயங்காலக் காய்ச்சல் இருந்தால் காசநோயா என்று பார்த்தே ஆக வேண்டும். அரசு மருத்துவமனைகளில் அந்தப் பரிசோதனை இலவசம். திடீரென்று புரையேறி ஆரம்பித்த இருமல் என்றால், கடலை போன்ற ஏதாவது மூச்சுக்குழாயில் சிக்கியிருக்கலாம்.

பிள்ளை தூங்கும்போது ஒரு நிமிஷம் முழுசாக நெஞ்சு எத்தனை தரம் ஏறி இறங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஐந்து வயதுக்கு மேல் 30-ஐத் தாண்டினாலோ, மூச்சு இழுக்கும்போது விலாவுக்கடியில் குழி விழுந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, உடம்பில் தடிப்போடு வாயும் கண்ணும் புண்ணானாலோ கஷாயமும் வேண்டாம், மருந்துக்கடையும் வேண்டாம். அந்த நேரமே புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, அருகிலுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கோ கிளம்புங்கள். போகும்போது இதுவரை கொடுத்த மருந்து பாட்டில்கள் அத்தனையையும், நாட்டு மருந்து உட்பட, மறக்காமல் எடுத்துப் போங்கள். எந்த மருந்துக்குக் கேட்கவில்லை என்பதே அங்கிருக்கும் டாக்டருக்குப் பாதி விடையைச் சொல்லிவிடும்.