டயருக்குள் இரண்டு நைலான்

இழைகளின் அடையாளம் – தொடர்

கடந்த வாரம் பருத்தியையும் பட்டையும் கம்பளியையும் மைக்ராஸ்கோப்பில் பார்த்தோம். முறுக்கிய நாடாபோல் தெரிந்தால் பருத்தி, செதில் தெரிந்தால் கம்பளி என்று முகம் பார்த்தே சொல்லிவிட முடிந்தது. இந்த வாரம் முகம் பார்த்துச் சொல்ல முடியாத ஓர் இழைக்கு வருவோம். அதைத் தேடி ஜவுளிக் கடைக்குப் போக வேண்டாம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போனால் போதும். ஒரகடத்தில் அப்போலோ டயர்ஸ் ஆலை 2010-லும், ஸ்ரீபெரும்புதூர் அருகே ஜே.கே. டயர் ஆலை 2012-லும் உற்பத்தியைத் தொடங்கின. டயர் என்றால் ரப்பர் மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். காற்றின் அழுத்தத்தைத் தாங்குவது ரப்பருக்குள் புதைந்திருக்கும் நூல்தான். அந்த நூலுக்கு டயர் கார்டு என்று பெயர்.

கார் டயரின் உடற்பகுதியில் பெரும்பாலும் பாலியஸ்டர் கார்டு இருக்கும். எஃகுப் பட்டைகளுக்கு மேல் சுற்றப்படும் மெல்லிய அடுக்கில் நைலான் கார்டு இருக்கும். லாரிகளுக்கான பழைய வகை டயரில் உடற்பகுதியே நைலான்தான். நைலானிலும் இரண்டு உண்டு. டூபாண்ட் நிறுவனத்தில் கரோதர்ஸ் 1935-இல் உருவாக்கியது நைலான் 66. அந்தக் காப்புரிமைக்குள் சிக்காமல், ஜெர்மனியில் பால் ஷ்லாக் 1938-இல் வேறொரு மூலப்பொருளிலிருந்து செய்தது நைலான் 6. இரண்டிலும் கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன் ஒரே விகிதத்தில் உள்ளன. வேறுபாடு அவை கோத்திருக்கும் ஒழுங்கில்தான் இருக்கிறது.

அந்தச் சின்ன வேறுபாடு தொழிற்சாலையில் பெரிதாகிவிடும். நைலான் 6 சுமார் 220 டிகிரி செல்சியஸில் உருகும். நைலான் 66 உருகுவதற்குச் சுமார் 260 டிகிரி வேண்டும். ரப்பரோடு ஒட்டுவதற்காகக் கார்டை ஒரு பசைக் கலவையில் தோய்த்து, இழுத்துப் பிடித்தபடி சூட்டறைக்குள் ஓட்டுவார்கள். நைலான் 66-க்கான சூடு சுமார் 230 டிகிரி. லேபிள் மாறி நைலான் 6 உள்ளே போய்விட்டால், அது உருகும் புள்ளியையே தாண்டிவிடும்.

சரி, லேபிள் கிழிந்த மூன்று கார்டுத் துண்டுகள் ஆய்வகத்துக்கு வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று பாலியஸ்டர், ஒன்று நைலான் 6, ஒன்று நைலான் 66. எது எது என்று சொல்ல வேண்டும்.

முதல் வேலை கார்டைப் பிரிப்பது. தோய்த்த கார்டு செம்பழுப்பாக, விறைப்பாக இருக்கும். முறுக்கை அவிழ்த்தால் நூற்றுக்கணக்கான இழைகள் வரும். வழக்கமான 840 டெனியர் நூல் ஒன்றிலேயே 140 இழைகள் உண்டு. பசை வெளி அடுக்கோடு நின்றுவிடும். உள்ளே இருக்கும் இழைகள் வெள்ளையாகவே இருக்கும். சோதனைக்கு எடுக்க வேண்டியது அந்த உள் இழைகளைத்தான். அவசரத்தில் வெளி இழையை எடுத்தால் பசைத்தோல் அமிலத்தை உள்ளே விடாது. அமிலம் உள்ளே புகுந்து இழை கரைந்தாலும் பழுப்புத் தோல் வெறும் குழலாக மிதக்கும். பார்ப்பவர் ‘கரையவில்லை’ என்று எழுதிவிடுவார்.

உள் இழையை ஸ்லைடில் வைத்து, ஒரு சொட்டு திரவ பாரஃபின் விட்டு, கவர் ஸ்லிப் மூடிப் பார்க்கிறோம். மூன்றும் வழவழப்பான கண்ணாடிக் குச்சி மாதிரியே தெரிகின்றன. குறுக்கே வெட்டினால் மூன்றும் வட்டம். தடிமன் ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்குக்குப் பக்கம். இவற்றோடு விஸ்கோஸ் ரேயான் கலந்து வந்திருந்தால் நீளவாக்கில் ஓடும் கோடுகளும் பல்பல்லான ஓரமும் அதைக் காட்டிக் கொடுத்திருக்கும். இங்கே அப்படி எந்த அடையாளமும் இல்லை.

மைக்ராஸ்கோப்பில் துருவ ஒளி வசதி இருந்தால் ஒரு படி முன்னேறலாம். இரண்டு வடிகட்டிகளையும் குறுக்காகத் திருப்பியதும் நைலான் இழைகளில் இளஞ்சிவப்பும் பச்சையும் பட்டைபட்டையாக மின்னும். பாலியஸ்டர், ஒளியை இரண்டாகப் பிரிப்பதில் நைலானைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு வலுவானது. அதனால் நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, நடுப்பகுதி வெளிறிய வெள்ளையாகத் தெரியும். ஆக, பாலியஸ்டர் பிரிந்துவிட்டது. இரண்டு நைலான்களும் இன்னும் ஒன்றாகவே மின்னுகின்றன.

இனி அமிலத்தின் வேலை. பத்து மில்லிகிராம் இழைக்கு ஒரு மில்லிலிட்டர் திரவம் என்ற கணக்கில், முதலில் 85 சதவீத ஃபார்மிக் அமிலம். அறை வெப்பத்தில் ஐந்து நிமிடத்துக்குள் இரண்டு நைலான்களும் உப்பி, விளிம்பு மங்கி, காணாமல் போகும். பாலியஸ்டர் அப்படியே கிடக்கும். உண்மையிலேயே கரைந்ததா, கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொண்டதா என்ற ஐயம் வந்தால், அந்தத் திரவத்தைத் தண்ணீரில் ஊற்றிப் பார்க்கலாம். கரைந்திருந்த நைலான் வெள்ளைத் துணுக்குகளாகத் திரும்ப வரும்.

அடுத்து ஹைட்ரோகுளோரிக் அமிலம், 4.4 நார்மல் செறிவில். எடை கணக்கில் இது சுமார் 15 சதவீதம். கடையில் கிடைக்கும் அடர் அமிலம் ஏறக்குறைய 12 நார்மல். அதில் சுமார் 365 மில்லிலிட்டரைத் தண்ணீரில் மெல்ல ஊற்றி, ஒரு லிட்டர் ஆக்க வேண்டும். தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. 20 டிகிரியில் இருபது நிமிடம் வைத்தால் நைலான் 6 கரைந்துவிடும். நைலான் 66 கரையாமல் நிற்கும். அதன் சங்கிலிகள் படிகத்துக்குள் இன்னும் இறுக்கமாகப் பிணைந்திருப்பதால், இந்த அளவு அமிலத்தால் அவற்றைப் பிரிக்க முடிவதில்லை.

இந்த அளவு அமிலம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அடர் அமிலத்தில் இரண்டுமே கரையும். இதே 4.4 நார்மல் அமிலத்தைச் சூடாக்கினாலும் நைலான் 66 கரையும். அடர் அமிலப் புட்டி அடிக்கடி திறக்கப்பட்டால் ஆவி வெளியேறி வலு குறையும். அதை நம்பிக் கலந்தால் நைலான் 6-கூடக் கரையாமல் நின்று, நைலான் 66 என்று பெயர் வாங்கும். மே மாத வெயிலில் ஏ.சி. நின்றுபோன அறையில் நடத்திய சோதனை எதிர்ப்பக்கம் தவறலாம். அதனால் செறிவை டைட்ரேஷன் செய்து சரிபார்க்க வேண்டும். அதைவிட முக்கியமாக, வகை தெரிந்த நைலான் 6 ஒரு குழாயிலும் நைலான் 66 இன்னொரு குழாயிலும் அதே நேரம், அதே அமிலத்தில் நிற்க வேண்டும். தெரிந்த 6 கரைந்து, தெரிந்த 66 நின்றால்தான் நடுவில் இருக்கும் தெரியாத இழையின் பதில் செல்லும்.

உருகுநிலையை மட்டும் அளந்தால் போதாதா என்று கேட்கலாம். நைலான் 6-ஐ அது பிரித்துக் காட்டும். ஆனால் பாலியஸ்டரும் 260 டிகிரியை ஒட்டித்தான் உருகும். அதையும் நைலான் 66-ஐயும் குழப்பிவிடும். உருகுநிலையும் கரைதிறனும் ஒரே விடையைச் சொன்னால் அறிக்கையில் கையெழுத்துப் போடலாம்.

இந்திய தர நிர்ணய அமைப்பு இழைகளை அடையாளம் காணும் முறைகளை ஐ.எஸ். 667 என்ற தரநிலையில் வகுத்து வைத்திருக்கிறது. ஆய்வக அறிக்கை உங்கள் கைக்கு வந்தால் ‘நைலான்’ என்ற ஒரு சொல்லோடு திருப்தி அடையாதீர்கள். எந்த நைலான், பக்கத்தில் தெரிந்த மாதிரி வைத்துப் பார்த்தார்களா என்ற இரண்டையும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால் அந்த அறிக்கையைத் திருப்பி அனுப்புவதே சரி.

அடுத்த வாரம்: பாலியஸ்டர்–பருத்திக் கலப்புத் துணியில் எது எத்தனை சதவீதம் என்று 75 சதவீத கந்தக அமிலம் எப்படிச் சொல்கிறது?

(தொடரும்)