பாஸ்வேர்டு யார் கண்ணில் படுகிறது?

"கூகுள் கணக்கு மூலம் நுழைக" என்ற பொத்தானைப் பற்றிப் பலரும் தரும் விளக்கம் இது: "நாம் பாஸ்வேர்டைக் கொடுக்கிறோம். அந்தத் தளம் அதை கூகுளிடம் காட்டி, டோக்கன் வாங்கிக்கொள்கிறது." இதில் டோக்கன் வாங்குவது உண்மை. பாஸ்வேர்டைக் காட்டுவது தவறு. ஓஆத் என்ற ஏற்பாடே அந்தத் தளத்திடம் பாஸ்வேர்டு போகக்கூடாது என்பதற்காக வந்ததுதான்.

கூகுள் டிரைவில் இருக்கும் உங்கள் படங்களை அச்சிட்டுத் தரும் தளம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பொத்தானை அழுத்தியதும் அது உங்கள் பிரவுசரை accounts.google.com முகவரிக்கு அனுப்பிவிடுகிறது. பாஸ்வேர்டை நீங்கள் தட்டுவது அந்தப் பக்கத்தில். அது உங்கள் பிரவுசரிலிருந்து நேராக கூகுளுக்குப் போகிறது. அச்சுத் தளம் இடையில் இல்லை. ஏற்கெனவே கூகுளில் நுழைந்திருந்தால் பாஸ்வேர்டே கேட்கப்படாது, சம்மதம் மட்டும் கேட்கும். படங்களைப் பார்க்க மட்டும் அனுமதியா, அழிக்கவுமா என்பதும் அந்தச் சம்மதப் பக்கத்தில் தெரியும்.

சம்மதித்ததும் கூகுள் பிரவுசரைத் திருப்பி அனுப்புகிறது. அப்போது முகவரி இப்படி இருக்கும்:

```
https://achu.example/callback?code=4/P7q...&state=x7Kq
```

அச்சுத் தளத்தின் கைக்கு வருவது இந்த code மட்டும்தான். முகவரியிலேயே வருவதால் இது பிரவுசர் வரலாற்றில் பதிந்துவிடலாம், வேறு யார் கண்ணிலாவது படலாம். அதனால்தான் இதை வைத்து மட்டும் படங்களைத் திறக்க முடியாதபடி செய்திருக்கிறார்கள். தளத்தின் சர்வர், பிரவுசரைத் தொடாமல், தன் சொந்த ரகசியச் சாவியையும் இந்த code-ஐயும் சேர்த்து கூகுளிடம் கொடுத்தால்தான் டோக்கன் கிடைக்கும். 2012-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 6749 விதிப்படி, code-ஐ ஒருமுறைக்கு மேல் பயன்படுத்தக்கூடாது. அதன் ஆயுள் அதிகபட்சம் 10 நிமிடம் இருந்தால் போதும் என்பது பரிந்துரை.

ஆகவே பாஸ்வேர்டைப் பார்ப்பவர்கள் நீங்கள், உங்கள் பிரவுசர், கூகுள். அவ்வளவுதான்.

இந்தப் பட்டியலில் பிரவுசரும் இருப்பதை லேசாக விட்டுவிடக்கூடாது. சில மொபைல் செயலிகள் வெளி பிரவுசரைத் திறக்காமல் தங்களுக்குள்ளேயே ஒரு சின்னத் திரையில் கூகுள் பக்கத்தைக் காட்டும். பக்கம் அசல்தான், ஆனால் அந்தத் திரையை இயக்குவது செயலி. நீங்கள் தட்டும் ஒவ்வோர் எழுத்தையும் அதனால் படிக்க முடியும். 2017-இல் வந்த ஆர்.எஃப்.சி. 8252 இந்த வழக்கத்தைத் தடை செய்தது. உள்திரையில் முகவரிப் பட்டை இருக்காது, இருந்தாலும் அதை வரைவது செயலியே. கூகுளில் ஏற்கெனவே நுழைந்திருக்கும் போனில் பாஸ்வேர்டைப் புதிதாகக் கேட்டால், அந்தத் திரையை மூடிவிட்டு குரோமிலோ சஃபாரியிலோ அந்தத் தளத்தைத் திறந்து நுழையுங்கள்.