முதலில் வாங்குபவர் ஏன் அதிகம் கொடுக்கிறார்?

2007 ஜூன் 29 அன்று அமெரிக்காவில் முதல் ஐபோன் விற்பனைக்கு வந்தபோது, 8 ஜிபி மாடலின் விலை 599 டாலர். கடைகளுக்கு வெளியே வரிசை நீண்டது. செப்டம்பர் 5-ஆம் தேதி அதே போன் 399 டாலராகிவிட்டது. பத்து வாரம்கூட ஆகவில்லை. முதலில் வாங்கியவர்கள் கொதித்துப்போனார்கள். மறுநாளே ஸ்டீவ் ஜாப்ஸ் வாடிக்கையாளர்களுக்கு வருத்தம் தெரிவித்துக் கடிதம் எழுதி, ஆப்பிள் கடைகளில் செலவழிக்க 100 டாலர் திருப்பித் தருவதாக அறிவித்தார்.

பாலில் மேலே படியும் ஏட்டை முதலில் எடுத்துக்கொண்டு, மீதியை வேறு விலைக்கு விற்பது போன்ற உத்தி இது. அதிகம் கொடுக்கத் தயாராக இருப்பவர்களிடம் முதலில் அதிகம் வாங்கிவிட்டு, பிறகு விலையை இறக்கி மற்றவர்களைப் பிடிப்பது. புதிய நாவல் முதலில் கெட்டி அட்டையிலும், பல மாதம் கழித்து மெல்லிய அட்டையில் மலிவாகவும் வருவதிலும் இதே கணக்கு இருக்கிறது. கேட்கும்போது எளிதாகத் தெரிகிறது. ஆனால் காகிதத்தில் போட்டுப் பார்த்தால் ஓர் ஓட்டை தெரியும்.

ஒரு நிறுவனம் புதிய கேமரா ஒன்றை விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். செய்ய ஆகும் செலவு ஒன்றுக்கு 25,000 ரூபாய். அதற்கு 60,000 வரை கொடுக்கக்கூடிய ஆர்வலர்கள் 100 பேர். 40,000-க்கு மேல் தரமாட்டாதவர்கள் 200 பேர். ஓராண்டு தாமதித்து வாங்கினால், எல்லோருக்கும் கேமராவின் மதிப்பு ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஆர்வலருக்கு அது 48,000, மற்றவருக்கு 32,000.

இந்த ஆண்டே 40,000 என்று விலை வைத்தால் 300 பேரும் வாங்குவார்கள். ஒன்றுக்கு 15,000 லாபம், மொத்தம் 45 லட்சம். அதற்குப் பதிலாக முதல் ஆண்டு 60,000, அடுத்த ஆண்டு 32,000 என்று வைத்தால்? ஆர்வலர்களிடமிருந்து 35 லட்சம், மற்றவர்களிடமிருந்து 14 லட்சம். மொத்தம் 49 லட்சம். ஏடு எடுப்பது ஜெயித்துவிட்டது.

அதாவது, ஆர்வலர்கள் அடுத்த ஆண்டைப் பற்றி யோசிக்காதவரை. அவர்கள் யோசிப்பார்கள். காத்திருந்தால் 48,000 மதிப்புள்ள பொருள் 32,000-க்குக் கிடைக்கும், 16,000 மிச்சம். இன்று 60,000 கொடுத்தால் மிச்சம் எதுவும் இல்லை. ஆகவே அவர்களை இன்றே வாங்க வைக்க வேண்டுமென்றால் விலை 44,000-ஐத் தாண்டக் கூடாது. இப்போது லாபம் 19 லட்சமும் 14 லட்சமும் சேர்ந்து 33 லட்சம்தான். ஒரே விலையில் விற்றிருந்தால் கிடைத்திருக்கும் 45 லட்சத்தைவிட இது குறைவு.

‘இனி விலை இறங்காது’ என்று நிறுவனம் சத்தியம் செய்தால் போதாதா? ஆர்வலர்கள் வாங்கி முடித்த மறுநாளே, மிச்சமிருக்கும் 200 பேருக்கு இறக்கி விற்பதுதான் நிறுவனத்துக்கு லாபம். அதனால் அந்தச் சத்தியத்தை யாரும் நம்பமாட்டார்கள். நீடித்து உழைக்கும் பொருளை விற்கும் ஏகபோக வியாபாரி தனக்குத்தானே போட்டியாளராகிவிடுகிறான் என்பதை 1972-இல் ரொனால்ட் கோஸ் என்ற பொருளாதார அறிஞர் எடுத்துக்காட்டினார். பொருளை விற்காமல் வாடகைக்கு விடுவது அவர் சொன்ன தப்பிக்கும் வழிகளில் ஒன்று. வாடகைக்கு விட்டவனுக்குப் பின்னால் விலையை இறக்கினால் நஷ்டம் அவனுக்கே.

அப்படியானால் எலெக்ட்ரானிக்ஸ் சாமான்களின் விலை ஏன் ஓயாமல் இறங்குகிறது? பெரும்பாலும் உற்பத்திச் செலவும் கூடவே இறங்குவதால்தான். நம் கேமராவின் செலவு இரண்டாம் ஆண்டில் 15,000 ஆகிவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே 44,000, அதே 32,000. ஆனால் இரண்டாம் ஆண்டு லாபம் 34 லட்சமாகிறது, மொத்தம் 53 லட்சம். வாங்குபவர் எல்லாவற்றையும் முன்கூட்டியே கணக்குப் போட்டாலும் இது 45 லட்சத்தை மிஞ்சுகிறது. காத்திருப்பவரை ஏமாற்றி வந்த பணம் அல்ல இது. அவசரமில்லாதவர்களுக்கு, செலவு குறைந்த பிறகு செய்து தருவதால் வருகிற லாபம்.

2007-இல் ஆப்பிள் சிக்கிக்கொண்டதற்கு விலையை இறக்கியது மட்டும் காரணமல்ல என்பது என் கருத்து. யாரும் எதிர்பாராத வேகத்தில், அதே மாடலின் விலையை இறக்கியதுதான் காரணம். 100 டாலரைத் திருப்பித் தந்ததைப் பெருந்தன்மை என்று பார்ப்பதைவிட, அடுத்த போன் வரும்போது ‘கொஞ்சம் பொறுப்போம்’ என்று ஆர்வலர்கள் ஒதுங்கிவிடாமலிருக்கக் கொடுத்த விலை என்று பார்ப்பதே பொருத்தம். பிற்காலத்தில் அந்த நிறுவனம் பிடித்த வழி வேறு. புது மாடல் வரும்போதுதான் பழைய மாடலின் விலை இறங்குகிறது. எப்போது இறங்கும் என்று வாங்குபவருக்குச் சுமாராகத் தெரியும். ஓராண்டு முன்னதாகக் கையில் இருப்பதற்கு எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கலாம் என்று அவரே முடிவு செய்துகொள்கிறார்.