ஸ்டேட்டஸும் விளம்பரம்தான்

வில்லாபுரம் ஹவுசிங் போர்டு பக்கம் டீ குடிக்கையில், ஆயுள் காப்பீட்டு ஏஜென்ட் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தங்கச்சி ஒருத்தி போனை நீட்டினாள். “அண்ணே, இத ஸ்டேட்டஸ்ல போடலாமா?” பாலிசியின் பெயர், கீழே “மாசம் 5,000 கட்டுங்க, 20 வருஷத்துல போட்ட பணம் டபுள், கேரண்டி”, கடைசியில் அவள் நம்பர்.

“போடாதம்மா” என்றேன். ஏன் என்று கேட்டாள்.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் விளம்பர விதிகள் 2000-ல் வந்தவை. 2021-ல் அவற்றைப் புதிதாக எழுதினார்கள், 2024-ல் பாலிசிதாரர் நலன் காக்கும் விதிகளோடு சேர்த்தார்கள். அடிப்படை மாறவில்லை. பாலிசி விற்பனையில் கொண்டுபோய் விடும் நோக்கத்தோடு வெளியே போகும் எந்தச் செய்தியும் விளம்பரம். பேனராக இருந்தாலும் சரி, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸாக இருந்தாலும் சரி. ஏஜென்ட் போடும் விளம்பரத்துக்குக் கம்பெனியின் எழுத்துபூர்வ ஒப்புதல் முதலில் வேண்டும். கம்பெனியே தயாரித்துக் கொடுத்ததை ஒரு வரிகூட மாற்றாமல் போட்டால் பிரச்சினை இல்லை. “நான் ஆயுள் காப்பீட்டு ஏஜென்ட், இது என் நம்பர்” என்பதோடு நிறுத்தினாலும் இல்லை. குறிப்பிட்ட பாலிசி, அதன் பலன், அதன் பிரீமியம் என்று இறங்கும்போதுதான் ஒப்புதல் கேள்வி வருகிறது.

ஒப்புதல் கேட்டாலும் அந்த ஸ்டேட்டஸ் தேறாது. அவள் காட்டியது போனஸ் சேரும் வகைப் பாலிசி. போனஸ் என்பது கம்பெனி வருடா வருடம் தன் சொத்தையும் பொறுப்பையும் மதிப்பிட்டுப் பார்த்து, காப்புத்தொகையில் ஆயிரத்துக்கு இத்தனை ரூபாய் என்று அறிவிப்பது. போன வருடம் அறிவித்ததை இருபதால் பெருக்கி “கிடைக்கும்” என்றால், இன்னும் யாரும் அறிவிக்காத இருபது போனஸையும் இவளே அறிவித்த மாதிரி.

அதனால்தான் கம்பெனி தரும் பலன் விளக்கப் படிவத்தில் உறுதியான தொகை தனியாகவும், 4 சதவீதம், 8 சதவீதம் என்ற இரண்டு அனுமானங்களில் வரும் தொகைகள் தனியாகவும் இருக்கும். இந்த 4, 8 இரண்டும் கணக்குக் காட்டுவதற்காக வைத்த எண்கள். குறைந்தபட்சம் 4 வரும் என்றோ, அதிகபட்சம் 8 வரும் என்றோ அர்த்தம் கிடையாது. 8 சதவீதக் கட்டத்தை மட்டும் வெட்டி ஸ்டேட்டஸில் ஒட்டுவதுதான் நம் ஊரில் அதிகம் நடக்கும் தப்பு. யூலிப் என்றால் இன்னும் கவனம் வேண்டும், அதில் முதலீட்டு ரிஸ்க் பாலிசிதாரருடையது என்று சொல்லியே ஆக வேண்டும்.

“சரிண்ணே, டபுள் ஆகுறது நெசம்தானே?” என்றாள். அதையும் டீ ஆறுவதற்குள் போட்டுப் பார்த்தோம். மாதம் 5,000 என்றால் 20 வருடத்தில் 12 லட்சம். முடிவில் 24 லட்சம் வருகிறது என்றே வைத்துக்கொள்வோம். முதல் தவணை இருபது வருடம் உள்ளே கிடக்கிறது, கடைசித் தவணை ஒரே மாதம். சராசரியாகப் பணம் உள்ளே இருப்பது பத்து வருடம்தான். வருட வட்டியாகப் பார்த்தால் ஏறக்குறைய ஆறரை சதவீதம். நூறு சதவீத லாபம் என்று காதில் விழுவது இதுதான்.

எந்தப் பாலிசியின் பெயரும் சொல்லாமல், ‘போட்ட பணம் டபுள்’ என்றால் உண்மையில் எவ்வளவு என்று இந்தக் கணக்கை மட்டும் எழுதினால், அது பாடம். அடியில் “பாலிசி வேண்டுமா, அழையுங்கள்” என்று சேர்த்தால் பாடம் மறுபடி விளம்பரமாகிவிடும்.

எழுத விஷயம் நிறைய இருக்கிறது. பாலிசி கையில் வந்து 30 நாளுக்குள், பிடிக்கவில்லையென்றால் திருப்பிக் கொடுக்கலாம் என்பது இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? (முன்பு பொதுவாக 15 நாள். அந்தப் பழைய படம் இன்னும் சுற்றுகிறது. அதனால் போடும் பதிவில் தேதியும் போடு என்றேன்.) கல்யாணமாகியும் நாமினி இடத்தில் அம்மா பெயரே இருப்பது, முன்மொழிவுப் படிவத்தில் சர்க்கரை நோயை மறைத்தால் கிளெய்ம் நேரத்தில் என்ன ஆகும், கம்பெனி தீர்க்காத புகாருக்குச் சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இருப்பது... ஒவ்வொன்றும் ஒரு பதிவு. எதிலும் வருமானம் பற்றிய பேச்சே தேவைப்படாது.

“முதல் பிரீமியம் நானே கட்டுறேன்னு போடுறாங்களே?” அது 1938-ம் வருடக் காப்பீட்டுச் சட்டத்தின் 41-வது பிரிவு தடுக்கும் தள்ளுபடி. கமிஷனில் பங்கு தருவதும் அதே கணக்குத்தான். ஸ்டேட்டஸில் போடுகிறவர் தனக்கு எதிரான சாட்சியைத் தானே தயாரிக்கிறார்.

பாடத்தைப் படித்துவிட்டு யாராவது “எனக்கு எவ்வளவு கிடைக்கும்?” என்று அவளைக் கூப்பிட்டால், போனிலோ மெசேஜிலோ எண் சொல்ல வேண்டாம். அவர் வயது, காப்புத்தொகை, காலம் மூன்றையும் போட்டுக் கம்பெனி மென்பொருளில் பலன் விளக்கத்தை எடுத்து, உறுதியானது எது, அனுமானம் எது என்று காட்டி, இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளட்டும்.