இரண்டு டப்பா, ஒரே மருந்து

ஒரு புதன்கிழமை மாலை மருந்துக் கடையின் செயலியிலிருந்து என் கணவரின் கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது: "2 prescriptions ready for pickup". நாங்கள் இருப்பது அமெரிக்காவில், நியூ ஜெர்சியில். மாமாவின் சர்க்கரை மாத்திரைதான் என்று தெரிந்ததால், வேலையிலிருந்து திரும்பும் வழியில் அவர் பையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். இரவுச் சாப்பாட்டுக்கு முன் அத்தை இரண்டு ஆரஞ்சு நிற டப்பாக்களை மேசையில் வைத்து என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா, இந்தத் தடவை ரெண்டு குடுத்திருக்காங்களே. ரெண்டுலயும் ஒண்ணொண்ணு குடுக்கணுமா?"

அந்தக் கேள்வியை அவர் கேட்காமல் இருந்திருந்தால் மாமா அன்று முதல் மூன்று மடங்கு மருந்தை விழுங்கத் தொடங்கியிருப்பார்.

நடந்தது இதுதான். மாமா மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம் மாத்திரையைக் காலையும் இரவும் சாப்பிட்டு வந்தார். அதற்கு முந்தைய வாரம் மருத்துவர் அளவை ஏற்றி, 1000 மில்லிகிராம் மாத்திரையைக் காலையும் இரவும் எடுக்கச் சொன்னார். புதுச் சீட்டைக் கணினி வழியாகவே கடைக்கு அனுப்பினார். ஆனால் புதுச் சீட்டு வந்தால் பழைய சீட்டு தானாகச் செத்துப்போகாது. கடையின் கணக்கில் ஒவ்வொரு சீட்டுக்கும் தனி எண் உண்டு. திரையில் "Rx #" என்று போட்டிருப்பது அதுதான். மருத்துவர் தன் கணினியில் பழைய மருந்தை நிறுத்திவிட்டதாகக் குறித்தாலும், ரத்து செய்யச் சொல்லும் செய்தி தனியாகக் கடைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அங்கே அது நிற்கும். எங்கள் விஷயத்தில் அது போகவில்லை. பழைய சீட்டில் இன்னும் ரீஃபில் மிச்சம் இருந்தது, "Auto refill" பொத்தானும் போட்டபடியே இருந்தது. தொண்ணூறு நாள் முடிந்ததும் அதுவும் தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்டது.

செயலியைத் திறந்து பார்த்தேன். ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு கட்டங்கள். இரண்டிலும் மருந்தின் பெயர் ஒன்று, இரண்டிலும் ஒரே வாக்கியம்:

```
Metformin 500 mg tablet
Take 1 tablet by mouth twice daily with meals
Qty 180   Days supply 90   Refills left 2

Metformin 1000 mg tablet
Take 1 tablet by mouth twice daily with meals
Qty 180   Days supply 90   Refills left 3
```

நம் ஊர்ச் சீட்டில் 1-0-1 என்று எழுதிவிடுவார்கள். காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. அமெரிக்கக் கடையில் அந்த வழக்கம் இல்லை, முழு வாக்கியம்தான். அட்டையிலிருந்து பிதுக்கி எடுக்கும் மாத்திரையும் பெரும்பாலும் இல்லை. டப்பாவில் மொத்தமாகக் கொட்டித் தருவார்கள், மேலே ஒட்டிய காகிதம்தான் முக்கிய அடையாளம். அதனால் அந்த வாக்கியத்தைச் சரிபார்க்க நான் வைத்திருக்கும் வழி ஒரு சின்ன வகுத்தல் கணக்கு. "Qty" என்பது டப்பாவில் உள்ள மாத்திரைகளின் எண்ணிக்கை, "Days supply" எத்தனை நாளுக்கு. 180-ஐ 90-ஆல் வகுத்தால் நாளுக்கு 2. வாக்கியமும் இரண்டு வேளை என்கிறது, பொருந்துகிறது. அத்தையின் ரத்த அழுத்த மாத்திரைக்கு 45 என்றும் 90 நாள் என்றும் இருக்கும், நாளுக்கு அரை. வாக்கியத்திலுள்ள "1/2 tablet" என்பதை அவசரத்தில் ஒன்று என்று வாசித்தாலும் இந்தக் கணக்கு காட்டிக்கொடுத்துவிடும். நாள் கணக்கு திரையில் இல்லையென்றால் பார்மசிஸ்ட்டிடம் கேட்டால் சொல்வார். இன்சுலின், சொட்டு மருந்து, "as needed" என்று தேவைப்படும்போது மட்டும் எடுக்கும் வலி மாத்திரை ஆகியவற்றுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது.

ஆனால் மாமாவின் விஷயத்தில் வகுத்தல் கணக்கும் கைகொடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டு கட்டமும் தனித்தனியே சரி. சேர்த்துப் பார்த்தால்தான் தப்பு தெரிகிறது. வேளைக்கு 500-உம் 1000-உம் சேர்ந்து 1500; நாளுக்கு 3000 மில்லிகிராம். பழைய அளவு 1000, மருத்துவர் சொன்ன புது அளவு 2000. சாதாரண மெட்ஃபார்மின் மாத்திரைக்குப் பெரியவர்களுக்கான உச்ச அளவே நாளுக்கு 2550 மில்லிகிராம்தான். வயிற்றுப்போக்கும் குமட்டலும் முதலில் வரும், அதைச் சாப்பாட்டின் மேல் பழி போட்டுவிடுவோம். சிறுநீரகம் பலவீனமானவருக்கு இன்னும் ஆபத்து. ஆகவே ஒரே பெயரில் இரண்டு கட்டம் தெரிந்தால், கடைசியாக மருத்துவரைப் பார்த்தபோது கொடுத்த தாளை எடுத்து, அதில் எந்த மில்லிகிராம் இருக்கிறது என்று ஒப்பிட வேண்டும். எப்போது எழுதிய சீட்டு என்பதும் திரையில் இருக்கும். அங்கே 03/04 என்றால் மார்ச் 4, ஏப்ரல் 3 அல்ல.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. மருத்துவர் "இனி ரெண்டு ரெண்டா போடுங்க" என்று வாயால் சொல்லிவிட்டு, புதுச் சீட்டு அனுப்ப மறந்துவிடுவார். மாத்திரை பாதி நாளிலேயே தீரும். ரீஃபில் கேட்டால் "Refill too soon" என்று திரை மறுக்கும். இன்ஷூரன்ஸ்காரர் கணக்கில் இன்னும் நாற்பத்தைந்து நாளுக்கு மருந்து இருக்கிறதல்லவா. அந்த வரி வந்தால் கடையோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. மருத்துவர் புது அளவில் ஒரு சீட்டு அனுப்ப வேண்டும்.

"once" என்ற சொல்லோடு ஒரு வரி முடிந்துவிட்டதாக எண்ணுவதும் ஆபத்து. "once daily" நாளுக்கு ஒரு முறை, "once weekly" வாரத்துக்கு ஒரு முறை. முடக்குவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு முறை எடுக்க வேண்டியது. அதைத் தினமும் எடுத்து உயிரிழந்தவர்கள் உண்டு. கைபேசித் திரையில் வரி நீண்டால் கடைசிச் சொல் மூன்று புள்ளிகளுக்குள் மறைந்துவிடும். கட்டத்தைத் தொட்டு, முழு வாக்கியத்தையும் விரித்துத்தான் படிக்க வேண்டும்.

மறுநாள் நானே கடைக்குப் போனேன். கவுண்டரில் பெயரும் பிறந்த தேதியும் கேட்டார்கள். முந்தின நாள் என் கணவரும் இதையெல்லாம் சொல்லித்தான் வாங்கியிருக்கிறார். பணம் கட்டும் சின்னத் திரையில் பார்மசிஸ்ட்டிடம் பேச வேண்டுமா என்று ஒரு கேள்வி வந்ததாம், பின்னால் வரிசை நின்றதால் "No" அழுத்திவிட்டாராம். எல்லோரும் அதைத்தான் அழுத்துகிறோம். நான் "Yes" அழுத்தினேன். வந்தவர் இரண்டு எண்களையும் பார்த்து, பழையதைச் செயலிழக்கச் செய்து, தானியங்கி ரீஃபிலையும் நிறுத்தினார். கடையை விட்டு வெளியே போன மாத்திரையைத் திரும்ப எடுக்க முடியாது என்றும் சொன்னார்.

அப்படியானால் 500 மில்லிகிராம் மாத்திரை நூற்றெண்பதை என்ன செய்வது? இரண்டு 500 சேர்ந்தால் ஒரு 1000 தானே என்று கேட்டேன். மருத்துவரின் சம்மதத்தைத் தொலைபேசியில் கேட்டுவிட்டு, முதலில் இதைத் தீர்த்துவிடுங்கள், ஆனால் இரண்டு டப்பாவும் ஒரே மேசையில் இருக்கக் கூடாது என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை 1000 மில்லிகிராம் டப்பாவை ஒரு பையில் கட்டி, பையின் மேல் மார்க்கர் பேனாவால் "நவம்பர் தீபாவளிக்கு அப்புறம்" என்று எழுதி அலமாரியின் மேல்தட்டில் ஏற்றினார். கீழே இருந்த டப்பாவின் மூடியில் பெரிதாக "2 + 2" என்று எழுதினார்.