கதவோரத்து அழுக்கு

பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவர் சமையலறை வாசலில் குந்தி உட்கார்ந்து, "எண்ணெய்க் கையை இவ்வளவு கீழே யாருங்க வெச்சது?" என்று கேட்டார். கதவு நிலையில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பாக ஒரு கறை. தொட்டால் லேசாகப் பிசுபிசுக்கும். கை வைத்தது நாங்கள் யாரும் இல்லை. எங்கள் வீட்டில் கருப்பி, செம்பி என்று இரண்டு பூனைகள் உண்டு. ஒரு வயிற்றில் பிறந்தவை. சமையலறைக்குள் போகும்போதெல்லாம் இரண்டும் அந்த இடத்தில் கன்னத்தை ஒரு தேய் தேய்த்துவிட்டுத்தான் போகும்.

அந்தத் தேய்ப்பைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் அதில் ஓர் ஒழுங்கு தெரியும். முதலில் மூக்கை நீட்டி மோந்து பார்க்கும். பிறகு உதட்டின் ஓரத்தை அந்த இடத்தில் பதித்து, கன்னம், கண்ணுக்கும் காதுக்கும் நடுவிலுள்ள பகுதி என்று வரிசையாக இழுத்துக்கொண்டே போகும். பூனைக்குக் காதுக்கு முன்னால் முடி சற்று மெலிந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். உதட்டோரம், தாடை, கன்னம், நெற்றிப்பொட்டு, வாலடி, பாதம் ஆகிய இடங்களில் தோலுக்கு அடியில் சுரப்பிகள் இருக்கின்றன. அவற்றிலிருந்து கசியும் எண்ணெய்ப் பசைதான் நாள்பட்ட தூசியோடு சேர்ந்து கதவோரக் கறையாகிறது. நம் மூக்குக்கு அது எட்டாது. பூனைக்கோ, யார் வந்தார்கள், எப்போது வந்தார்கள் என்று எழுதி வைத்த மாதிரி.

பூனை முட்டுவதைப் படித்தவர்களே தவறாகப் படித்த கதை ஒன்று உண்டு. அமெரிக்க உளவியலாளர்களான எட்வின் கத்ரியும் ஜார்ஜ் ஹார்ட்டனும் பூனைகளைக் கண்ணாடி முகப்புள்ள பெட்டிக்குள் விட்டார்கள். உள்ளே ஒரு கம்பு நட்டிருந்தது. பூனையின் உடம்பு அதில் பட்டால் கதவு திறக்கும், வெளியே தீனி கிடைக்கும். பூனைகள் ஒன்றுபோல் கம்பில் உரசி வெளியே வந்தன. அதுவும் ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய ஒரே மாதிரி. வெற்றி கிடைத்த கணத்து அசைவு பூனையின் பழக்கத்தில் அப்படியே பதிந்துவிட்டது என்று 1946-இல் புத்தகமே எழுதினார்கள்.

33 ஆண்டுகள் கழித்து, 1979-இல், ப்ரூஸ் மூர், சூசன் ஸ்டட்டார்ட் என்ற இருவர் அதே ஏற்பாட்டில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தார்கள். பூனையின் கண்ணில் படும்படி ஆள் இருந்தால் பூனை கம்பில் உரசியது. கதவு திறக்காவிட்டாலும், தீனியே இல்லாவிட்டாலும் உரசியது. ஆள் இல்லாவிட்டால் உரசவில்லை. எதிரே குறிப்பேட்டோடு உட்கார்ந்திருந்த மனிதர்களுக்கு அந்தப் பூனைகள் அன்று வணக்கம் சொல்லியிருக்கின்றன. நடுவில் கண்ணாடி இருந்ததால் காலில் உரச வேண்டியதைக் கம்பில் உரசிவிட்டன.

ஆக, முட்டலில் இரண்டு வேலை நடக்கிறது. அந்த நேரத்துக்கு அது முகமன். பூனை போன பிறகும் தங்குவது வாசனை. ஃபிரான்ஸ் நாட்டுக் கால்நடை மருத்துவர் பாத்ரிக் பாஜா, 1990-களில் பூனைக் கன்னத்துச் சுரப்பை ஆராய்ந்து ஐந்து கலவைகளாகப் பிரித்தார். அவற்றில் மூன்றாவது, கதவு, நாற்காலி போன்ற பொருள்களில் தேய்க்கும்போது வருவது. நான்காவது, பழகிய உயிர்கள்மேல் உரசும்போது வருவது. மூன்றாவதைச் செயற்கையாகத் தயாரித்து, கொசுவிரட்டி போல பிளக்கில் செருகும் கருவியாக விற்கிறார்கள். மிரண்ட பூனையைச் சாந்தப்படுத்தும் என்பது விற்பவர்களின் வாக்கு. சோதனை முடிவுகள் அப்படியும் இப்படியுமாகத்தான் இருக்கின்றன. காசு கொடுத்து வாங்குமுன் யோசிக்கலாம்.

"பூனை உன்மேல் உரசினால் நீ அதன் சொத்து என்று முத்திரை குத்துகிறது" என்று பலரும் சொல்வார்கள். எனக்கு இதில் அவ்வளவு சம்மதமில்லை. பண்ணைகளில் கூட்டமாக வாழும் பூனைகளை டேவிட் மெக்டொனால்டு குழுவினர் இங்கிலாந்தில் கவனித்தபோது, உரசல் இரு பக்கமும் சமமாக நடக்கவில்லை. குட்டி தாயின்மேல் உரசியது அதிகம். தாய் குட்டிமேல் உரசியது குறைவு. வாலைக் கொடிக்கம்பம்போல் தூக்கிக்கொண்டு போய் உரசுவது பெரும்பாலும் சின்னது, பெரியதிடம். நம் காலைச் சுற்றும் பூனை அந்த வாலைத் தூக்கிக்கொண்டுதான் வருகிறது. சொத்துக்காரர் வருகிற மாதிரி அது இல்லை. பிள்ளை வருகிற மாதிரி இருக்கிறது.

மாறி மாறி உரசிக்கொள்வதில் ஒரு கூட்டத்துப் பூனைகள் எல்லாவற்றின் மேலும் கலவையான ஒரு பொது வாசனை ஏறிவிடுகிறது. அந்த வாசனை இருந்தால் நம்மவர். அது கலைந்தால் என்ன ஆகும் என்பதைக் கருப்பிக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்த அன்று பார்த்தேன். காலையில் கொண்டுபோய் மாலையில் திரும்பினோம். கூடையைத் திறந்ததும் செம்பி ஓடி வந்து மோந்தது. அடுத்த நொடி வால் பாட்டில் துடைக்கும் பிரஷ் போலச் சிலிர்த்தது, சீறியது. நாலு வருஷம் ஒரே மெத்தையில் படுத்த தங்கை! கருப்பிமேல் ஸ்பிரிட் வாடை, மருந்து வாடை, பக்கத்துக் கூண்டு நாய்களின் வாடை. மயக்கம் தெளியாத தள்ளாட்டம் வேறு. கண்ணுக்குக் கருப்பியாகத் தெரிந்தாலும் மூக்குக்கு அது யாரோ.

நான் செய்த தப்பு, இரண்டையும் மடியில் வைத்துச் சமாதானம் பண்ணப் பார்த்தது. முழங்கையில் நாலு கீறல். பிறகு டாக்டர் சொன்னபடி கருப்பியைத் தனி அறையில் விட்டு, செம்பி படுத்த பழைய வேட்டியை அதன் அடியில் விரித்தேன். கருப்பி படுத்த துணியைச் செம்பியின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டு வேளையும் மூடிய கதவின் இரு பக்கமும் சோறு. முதல் நாள் செம்பி கதவிடுக்கில் மோந்து உறுமியது, தட்டைத் தொடவில்லை. இரண்டாம் நாள் சாப்பிட்டது. மூன்றாம் நாள் கதவை ஒட்டிப் படுத்துத் தூங்கியது. அப்போதுதான் திறந்தேன். மூக்கோடு மூக்கு வைத்து மோந்தன. பிறகு செம்பி கன்னத்தைக் கருப்பியின் கழுத்தில் வைத்து இழுத்தது. அதற்குப் பிறகு சண்டை இல்லை. அடுத்த முறை தடுப்பூசிக்குப் போனபோது அந்த வேட்டியையே கூடையில் விரித்துக் கொண்டுபோனேன்.

சுவரில் மூத்திரம் பீய்ச்சுவதும் வாசனைக் குறிதான், ஆனால் அதன் பாஷை வேறு. சுவருக்கு முதுகைக் காட்டி, வாலை நிமிர்த்தி நடுக்கியபடி பீய்ச்சும். கருத்தடை செய்யாத கடுவன்கள்தான் அதில் முன்னணி. புதுப் பூனை, புது வீடு என்று மனம் கலங்கிய பூனையும் செய்யும். கன்னம் தேய்ப்பதோ நிம்மதியாகப் புழங்கும் வழித்தடத்தில். அதனால் எங்கள் வீட்டுக் கதவோரத்தை மட்டும் விட்டுவிடச் சொன்னேன். பெயிண்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

பூனை வளர்ப்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். உரசுவது வேறு, அழுத்துவது வேறு. உரசும் பூனை ஓரிரு நொடியில் நகர்ந்துவிடும். உங்கள் பூனை சுவரிலோ மூலையிலோ நெற்றியை அழுத்தி வைத்துக்கொண்டு, கூப்பிட்டாலும் அசையாமல் அப்படியே நின்றால், அது மூளையையோ ஈரலையோ பாதித்த நோயின் அறிகுறியாக இருக்கலாம். மறுநாள் பார்ப்போம் என்று இருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.